விலக்கு இல்லாத தோஷம்

காலர் ஜோசியரிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏதாவது வழி இருக்கா?" வருஷக்கணக்கில் குனிந்து கட்டம் போட்டுக் கழுத்தெலும்பு தேய்ந்து, டாக்டர் மாட்டிவிட்ட காலரோடு உட்கார்ந்திருக்கும் அவரும் எப்படியாவது ஒரு வழியைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவார். மனுஷன் அப்படி.

அன்று வந்த பெண் தலைகீழாகக் கேட்டாள்.

"நாடி தோஷம்னு சொல்றாங்க. இதுக்கு விலக்கு எதுவும் இல்லைதானே?"

சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்த மாதிரியும் இருந்தது.

ஜோசியர் இரண்டு ஜாதகங்களையும் பிரித்தார். பெண்ணுக்கு வயது முப்பத்துநாலு. மாப்பிள்ளைக்கு அறுபத்தெட்டு!

"அடக் கடவுளே! மாப்பிள்ளை என்ன செய்யறார்?"

"நாலு லாட்ஜ் இருக்கு. பிள்ளைகுட்டி கிடையாது. பேசி முடிச்சாச்சு. நாள் குறிக்கறதுதான் பாக்கி."

"பொண்ணு சம்மதிச்சுதா?"

"அவளைக் கட்டாயப்படுத்த யாரு இருக்கா? அவளுக்கு எல்லாமே நான்தான்."

அக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் ஜோசியர். பாவம், பணத்தைக் கண்டு தங்கை பாழுங்கிணற்றில் விழப் போகிறாள், இவள் தடுக்கப் பார்க்கிறாள். அவர் மகளுக்கும் அதே வயதுதான்.

"பொண்ணு கார்த்திகை, மாப்பிள்ளை சுவாதி. ரெண்டும் அந்திய நாடி. பொருத்தத்துல நாடிக்கு மட்டும் எட்டு மார்க். ஒரே நாடின்னா எட்டும் போச்சு."

"விலக்கு?"

"ஒரே நட்சத்திரமா இருந்து பாதம் வேறயா இருந்தா விலக்கு உண்டு. இங்க நட்சத்திரமே வேற. ஒரே ராசி, நட்சத்திரம் மட்டும் வேறன்னா அதுக்கும் உண்டு. இங்க ராசியும் வேற."

"அவ்வளவுதானா? வேற எதுவும் இல்லையே?"

ஜோசியரின் விரல் கட்டத்தில் நின்றது. இருந்தது. பெண்ணுக்குக் கார்த்திகை இரண்டாம் பாதம், அதனால் ரிஷப ராசி. சுவாதிக்குத் துலாம். இரண்டுக்கும் அதிபதி சுக்கிரன். ராசிநாதன் ஒருவரே என்றால் தோஷம் அடிபட்டுப் போகும் என்று பல ஜோசியர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவரே அப்படிச் சொல்லி எத்தனையோ கல்யாணங்களைச் சேர்த்துவைத்திருக்கிறார். பெண் முதல் பாதத்தில் பிறந்திருந்தால் மேஷம், நாதன் செவ்வாய், இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாழாய்ப்போன ஒரு பாதம்!

தொழிலில் அவர் பொய் சொன்னதே கிடையாது. கிழவனையும் தன் மகளையும் ஒரு நிமிஷம் மனக்கண்ணில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். போதும், ஜாதகத்தை மடித்துவிட்டார்.

"இல்லவே இல்லை. விலக்கே இல்லாத தோஷம்."

"சேர்த்துவெச்சா என்ன ஆகும்?"

இதுதான் சமயம் என்று ஜோசியர் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "ஆதி நாடின்னா பிரிவு. மத்திய நாடின்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து. அந்திய நாடிக்குப் பழைய சுலோகம் என்ன சொல்லுது தெரியுமா? வைதவ்யம்! புருஷனுக்கு ஆயுசு நிக்காது."

அவள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். "சீக்கிரமேவா?"

"சொல்லவே வாய் கூசுதும்மா. வருஷம் திரும்பறதுக்குள்ள."

"சத்தியமா?"

"சத்தியமா!" என்றார், கொஞ்சம்கூடத் தயங்காமல். ஒரு குடும்பத்துப் பெண்ணைக் காப்பாற்றச் சொன்ன பொய் பாவக் கணக்கில் ஏறாது என்று மனதுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டார். நெஞ்சு நிறைந்து போயிருந்தது அவருக்கு. "நீ கவலைப்படாதே. யார் வந்து கேட்டாலும் இதையே சொல்றேன்."

அவள் எழுந்து, இரண்டு கையையும் கூப்பினாள்.

"வயித்துல பாலை வார்த்தீங்கய்யா! ரெண்டு பேருக்கும் ராசிநாதன் சுக்கிரன், அதனால கிழவருக்கு ஆயுசு கெட்டின்னு மூணு ஜோசியர் சொல்லி என் மனசையே உடைச்சிட்டாங்க. அப்படியே என் கல்யாணத்துக்கு இந்த மாசத்துலயே ஒரு முகூர்த்தம் குறிச்சுக் குடுத்துடுங்க."