நாலாவது ஆள்

"தங்கச்சி தனியா சோலோவுக்குப் போறப்ப கீழே யாரு சுரங்களைச் சேர்த்து கார்ட் பிடிப்பா? நான் இல்லாட்டி பாட்டு பொட்டல்காடுதான்."

இப்படிச் சொல்லிவிட்டுத்தான், இரண்டாவது கிட்டார் வாசித்துவந்த அண்ணன் ராக் குழுவிலிருந்து விலகினான். கிட்டாருக்குத் தங்கை, பேஸ் கிட்டாருக்கு அவன் மனைவி, டிரம்ஸுக்கு அவள் தம்பி என்று மூவர் மிஞ்சினார்கள்.

போட்டியன்று மேடை தெரியாத அரங்க வாசலில் நின்று கேட்டான். தங்கையின் சோலோ எகிறியது. அடியில் கார்டுகள் கெட்டியாக ஒலித்தன. தன் இடத்தில் யாரையோ சேர்த்துவிட்டார்கள் என்று வயிறு எரிந்தது.

முதல் பரிசை அறிவித்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினான்.

"அந்த நாலாவது ஆள் எங்கே?"

"அப்படி யாரும் இல்லங்க" என்றாள் மனைவி. "உங்க தங்கச்சி சோலோவுக்குப் போனதும் நான் ஒலியைத் தடிப்பாக்குற டிஸ்டார்ஷனைப் போட்டு, பேஸ்லயே ரெண்டு தந்தியைச் சேர்த்து வாசிச்சேன். என் தம்பி சிம்பல் தட்டை அதிரவிட்டு மிச்ச இடத்தை நிரப்பினான். மூணு பேர்னா ஒளிஞ்சுக்க இடமே இல்ல. ஒருத்தர் அசந்தாலும் ஊருக்கே கேட்டுடும். அதனால ஒவ்வொருத்தரும் மத்த ரெண்டு பேரையும் காது கொடுத்துக் கேட்டோம். அதுலதான் இவ்வளவு பலம்."

அவன் தயங்கினான். "நான் திரும்பி வரட்டுமா?"

மனைவி கோப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குச் சேர்ந்தே போலாம், வாங்க. பாட்டுலதான் இடமில்ல."