கூட்டினால் பத்தொன்பது

ஆறு மாதமாக ரூபினி கண் வைத்திருந்த கீழ்த்தள அறையை, வந்து ஆறு நாள்கூட ஆகாத வீணாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் தனக்கோடி ஆன்ட்டி. ரூபினிக்கு வயிறு எரிந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் பெண்களுக்கு பி.ஜி. விடுதி நடத்துகிறவர்கள் ஆதார் கார்டில் முகத்தைப் பார்ப்பார்கள். தனக்கோடி பிறந்த தேதியைப் பார்ப்பாள். நாள், மாதம், வருஷம் மூன்றையும் தனித்தனியே ஒற்றை இலக்கமாகச் சுருக்கி, பிறகு கூட்டுவாள். அந்தத் தொகை மறுபடி சுருங்குவதற்கு முன் பதின்மூன்று, பதினான்கு, பதினாறு, பத்தொன்பது என்று நின்றால் போச்சு, முற்பிறவிக் கடன். பிறந்ததே அந்தத் தேதிகளில் என்றாலும் கடன்தான்.

"நாலு வந்தாலே கடன்னு பயப்படாதம்மா. இருபத்திரண்டுலேர்ந்து வந்த நாலு வேற, பதிமூணுலேர்ந்து வந்த நாலு வேற" என்று புதிதாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே பாடம் நடக்கும்.

கடனுக்குப் பரிகாரமும் உண்டு. நோராவுக்குப் பதின்மூன்று. போன பிறவியில் வேலையை அடுத்தவர் தலையில் கட்டியவள், இந்தப் பிறவியில் குறுக்கு வழி பலிக்காது. படுக்கையை மடித்து வைத்தால்தான் காபி. ரக்ஷிதா பதினான்காம் தேதி பிறந்தவள். சுதந்திரத்தைக் கண்டபடி செலவழித்தவள், இனி எல்லாவற்றிலும் அளவு வேண்டும். வெளிச் சாப்பாடு வாரம் ஒரு தடவைதான்.

ரூபினி பிறந்தது 25-6-2001. ஏழும் ஆறும் மூன்றும் பதினாறு. அகந்தையின் எண். தன்னை உயர்த்திக் கட்டிய கோபுரம் ஒரு நாள் தானே இடியும், தலை குனிந்த பிறகுதான் புதிதாக எழலாம்.

"அதுக்குத்தான் உனக்கு மூணாவது மாடி. தினம் நாலு தடவை கீழ இறங்கி வந்து பழகு" என்றாள் ஆன்ட்டி.

லிஃப்ட் கிடையாது. ஆபீஸ் கேப் காலை ஐந்து நாற்பதுக்கே வந்து ஹாரன் அடிக்கும். ஒரு வருஷமாகப் படியிறங்கியதில் ரூபினியின் முழங்கால் தேய்ந்ததே தவிர, அகந்தை தேய்ந்ததாகத் தெரியவில்லை.

வீணாவுக்குப் பத்தொன்பதாம். அதிகாரத்தைத் தனக்கென்றே வைத்துக்கொண்ட கடன். இப்போது எதற்கும் ஒற்றையாய் நின்று போராடுவாள், வாய் திறந்து உதவி கேட்க மாட்டாள்; உதவியை ஏற்கப் பழக வேண்டும். அதனால் ஆன்ட்டியின் அறைக்குப் பக்கத்து அறை.

ரூபினிக்கு இது உறுத்தியது. சாஃப்ட்வேர் டெஸ்டர், குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளமே வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது வீணாவின் ஆதார் ஜெராக்ஸ் கண்ணில் பட்டது. 8-9-2001.

டிஃபன் நேரம். சமையல் செய்யும் அனந்தலக்ஷ்மி செட் தோசை பரிமாறிக்கொண்டிருந்தாள். ரூபினி எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்றாள்.

"எட்டு. ஒம்பது. ரெண்டாயிரத்து ஒண்ணுக்கு மூணு. மொத்தம் இருபது, சுருக்கினா ரெண்டு. வீணாவுக்குக் கடனே கிடையாது ஆன்ட்டி."

எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டுகிற தனக்கோடி, வீணாவைப் பார்த்தாள். வீணா தட்டைப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள் தனக்கோடி.

சண்டைக்குத் தயாராக வந்திருந்த ரூபினிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்படியென்றால் அந்த ரூம் யாருக்கு என்று கேட்டாள். தனக்கோடி வாய் திறப்பதற்குள் வீணா முந்திக்கொண்டாள்.

"நீங்களே எடுத்துக்கோங்கக்கா. நான் வேற பி.ஜி. பாத்துக்கறேன்."

ஜெயித்த சூட்டோடு, கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பார்க்க ரூபினி அந்த அறைக்குப் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினாள். இல்லை. கழற்றிய இடத்தில் திருகாணி ஓட்டைகளைப் புதிதாக மரத்தூள் பசையால் அடைத்திருந்தது. மேசையின் கூர் முனைகளில் துணி சுற்றியிருந்தது. கதவுக்குப் பின்னால், சாத்தினால் மட்டும் தெரிகிற இடத்தில், ஆன்ட்டியின் கோணல் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"அனந்தலக்ஷ்மி, வீணாவுக்கு ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இது தெரிந்துதான் இரண்டு பி.ஜி.யில் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். இங்கே யாரிடமும் மூச்சு விடாதே."

ரூபினி அதை இரண்டு தடவை படித்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

அவள் திரும்பி வந்தபோது வீணா பாதித் தோசையோடு தட்டைக் கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ரூபினி, முன்னைவிடச் சத்தமாக. "நான்தான் தப்பு. ஜெராக்ஸ்ல சைபரை ஒண்ணுன்னு படிச்சுட்டேன். வருஷம் ரெண்டாயிரம். எட்டு, ஒம்பது, ரெண்டு. பத்தொம்பதேதான்."

முதலில் சிரித்தது நோரா. "உன்னையெல்லாம் எந்த கம்பெனிலடி டெஸ்டரா வெச்சிருக்காங்க?" என்று அவள் கேட்க, கூடமே சேர்ந்துகொண்டது. ரூபினி தலை குனிந்தபடி உட்கார்ந்தாள். வீணா மட்டும் சிரிக்காமல், தட்டோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்தாள்.

தனக்கோடி ரூபினியின் தட்டில் இன்னொரு தோசையை வைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தாள்.

"உன் பதினாறு இன்னியோட தீர்ந்துது கண்ணு. நல்லாச் சாப்பிடு, மூணு மாடி ஏறணுமில்ல."