வலது கை

"வலது கையால அடிக்காதேடா. நாளன்னிக்கு எழுதணும்ல?"

மெய்சூவின் மாமியார் து அம்மாள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே மகனிடம் சொன்னாள். ஜிங்யுவான் மூங்கில் கழியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். கை மாறியதில் குறி தவறி, மெய்சூவின் தோளில் விழ வேண்டிய அடி காதில் விழுந்தது.

அவள் செய்த தப்பு, துக்கத்துக்கு அடையாளமாகத் தலையில் வெள்ளை நூல் கட்டிக்கொண்டது. எண்ணெய் வியாபாரத்துக்காக ஹான்கோ போன மாமனார் காய்ச்சலில் செத்துப்போனார் என்று ஐந்து நாளைக்கு முன் அங்கிருக்கும் ஜிங்யுவானின் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த வீட்டில் மெய்சூவைச் 'சாப்பிட்டியா' என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அப்பன் செத்தால் மகன் இருபத்தேழு மாதம் துக்கம் காக்க வேண்டும். அதுவரை அரசாங்கப் பரீட்சைக் கூடத்து வாசலை மிதிக்கக்கூடாது. ஆறு முறை தோற்ற ஜிங்யுவான், கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டான்.

"பக்கத்து வீட்டுக்காரி அந்த நூலைப் பார்த்திருந்தா என்னடி ஆகும்?" அவன் அவள் முடியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான். "இந்தப் பரீட்சையில தேறி, பட்டதாரியோட நீல அங்கி போட்டு கன்பூசியஸ் கோயில்ல விழுந்து கும்பிட்டு வந்துட்டேன்னா, அப்புறம் பட்டத்தைப் பறிக்காம எந்த அதிகாரியும் என்மேல பிரம்பு வைக்க முடியாது. அதைக் கெடுக்கப் பார்க்கிறியா?"

உடைந்த பல்லின் ரத்தம் வாயில் உப்புக் கரித்தது. மெய்சூ புருஷனைப் பார்க்கவில்லை, மாமியாரைத்தான் பார்த்தாள். போன வருஷம் இவன் உதைத்து வயிற்றிலிருந்த பிள்ளை விழுந்தபோதும், இந்த அம்மாள் தரையைத்தான் கழுவினாள். அடிக்கிற கையைவிட, அடிக்கிற கைக்கு யோசனை சொல்கிற வாயின் மேல்தான் அவளுக்கு வெறுப்பு மூண்டது.

அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னது நிஜமாகவே இருந்தாலும், புருஷன்மேல் குற்றம் சொன்ன பெண்டாட்டிக்கு நூறு அடி, மூன்று வருஷக் கடுங்காவல். சட்டமும் இவனோடு சேர்ந்துதான் அவளை அடித்தது.

"போதும் விடு, செத்துகித்துத் தொலைக்கப் போறா" என்றாள் து அம்மாள். "சித்தப்பனுக்குப் பதில் எழுது. பரீட்சை முடியிறவரைக்கும் சவப்பெட்டி அங்கேயே இருக்கட்டும், யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எழுது. உன் கையெழுத்தா இருந்தாத்தான் அவன் நம்புவான். ஹான்கோ போற படகுக்காரன்கிட்ட நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினான். அழகான கையெழுத்து.

மறுநாள் து அம்மாள் முரட்டுச் சணல் துணியைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கண்ணின் இடுக்கு வழியே பார்த்த மெய்சூ கேட்டாள்: "ஓரம் மடிக்கலையா அத்தை?"

"கரி போடுற சாக்குக்கு ஓரம் ஒரு கேடா? போய் மாவைப் பிசை."

பரீட்சை நாள் விடியலில் கூடத்து வாசலில் ஊரே திரண்டிருந்தது. மூன்று நாளைக்கு முன் கன்பூசியஸின் பெயர்ப்பலகைக்கு ஊதுபத்தி ஏற்றி வணங்கிவிட்டு வந்த பரீட்சை அதிகாரி, சிவப்பு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். சேவகர்கள் ஜிங்யுவானின் செருப்பைப் பிரித்தார்கள், ஆவியில் வெந்த ரொட்டியைக்கூடப் பிளந்து துண்டுச்சீட்டு தேடினார்கள். பக்கத்தில் ஒருவனின் உள்சட்டையில் எழுத்து அகப்பட, அவனை அங்கேயே மண்டியிட வைத்துக் கழுத்தில் மரப்பலகையை மாட்டினார்கள்.

எழுத்தர் ஜிங்யுவான் எழுதிக் கொடுத்த படிவத்தை உரக்கப் படித்தார். "கொள்ளுத்தாத்தா, காலமானார். தாத்தா, காலமானார். தகப்பனார், உயிருடன் இருக்கிறார். மூன்று தலைமுறையில் கூத்தாடி இல்லை, சேவகன் இல்லை. துக்கம் எதுவும் இல்லை. சரிதானா?"

"சரிதான்! பெங் ஐயா ஜாமீன்!" என்று கத்தினான் ஜிங்யுவான்.

"பெங் ஜாமீன்!" என்று, அவன் சொல்வது உண்மை எனப் பொறுப்பேற்க வந்திருந்த பட்டதாரி பெங் எழுந்து குரல் கொடுத்தார்.

மகனை வழியனுப்ப வந்து கூட்டத்தில் நின்ற து அம்மாள், "கூடையைப் பிடி" என்று மெய்சூவின் கையில் கொடுத்தாள். தன் மூட்டையின் அடியிலிருந்து அந்தச் சணல் துணியை உருவித் தலைவழியே மாட்டிக்கொண்டாள். அது சாக்கு இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் உடுத்துகிற, ஓரம் மடிக்காத துக்க உடை.

கூட்டம் விலகியது. அவள் மேசைக்கு முன்னால் விழுந்து, புருஷன் ஹான்கோவில் செத்ததைச் சொல்லி, ஏழு நாளாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்த ஒப்பாரியை அவிழ்த்துவிட்டாள். இரண்டு சேவகர்கள் ஜிங்யுவானின் காலைத் தட்டி, முகம் மண்ணில் தேய அழுத்தினார்கள். ஜாமீன் பெங், "எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியவே தெரியாது" என்று பின்னால் நகர்ந்தார்.

"அப்பன் சாவை மறைச்சவனுக்கு அறுபது அடி, ஒரு வருஷம் கடுங்காவல்" என்றார் அதிகாரி. "புருஷன் சாவை மறைச்ச பெண்டாட்டிக்கும் அதேதான். தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"பொய்!" மண்ணைத் துப்பிக்கொண்டே அலறினான் ஜிங்யுவான். "கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சு! எங்கப்பா உயிரோட இருக்கார்!"

து அம்மாள் திரும்பி, மருமகளின் வீங்கிய முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடியிலிருந்து, ஹான்கோவுக்குப் போயிருக்க வேண்டிய அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எழுதினது அவன் வலது கைதான் ஐயா."