டின்டு அனுப்பிய குரங்கு

நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்த அலுப்போடு வினோவும் அவள் அம்மா செபமாலையம்மாளும் சித்திரபுரம் திரும்பும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். அப்போது தோழி டின்டுவிடமிருந்து ஒரு மீம் வந்தது. ஆளில்லாத ஜீப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு குரங்கு. கீழே ஒரு வரிகூட இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இது என்னட்டி?”

“சிரிப்பு புரியலையா, இல்ல எதுக்கு அனுப்புனான்னு புரியலையா?”

“கொரங்கு டிரைவர் கணக்கா மொறைக்கு, அது புரியுது. ஒனக்கு எதுக்கு அனுப்புனா?”

அப்படியென்றால் சிரிப்பை விளக்க வேண்டியதில்லை, பின்கதைதான் வேண்டும். அது வினோவுக்கே தெரியவில்லை. டின்டுவிடம் கேட்டாள்.

“நீதானடி வாய்ஸ் அனுப்புன, ஜீப்ப விட்டுட்டு நடந்து வந்தேன்னு. அதுக்குத்தான்” என்று பதில் வந்தது.

வினோ மேலே தள்ளிப் பார்த்தாள். அவள் அனுப்பாத ஒரு குரல்பதிவு, அவள் அனுப்பியதாகவே இருந்தது. காதில் வைத்தாள். அவள் குரல்தான், மேடேறியதில் மூச்சிரைத்தது. “நடந்தே வந்துட்டேன் டின்டு. நான் மட்டுந்தான்.”

“என்னவாம்?” என்றாள் அம்மா.

வினோ போனை மடியில் கவிழ்த்தாள். “ஒண்ணுமில்லம்மா, சும்மா சிரிக்கத்தான். எறங்கும்மா, நடந்து போவோம்.”

“காலு கடுக்குதுட்டி. நீ வேணா நடந்து வா.”

தான் மட்டும் இறங்கி நடந்தால் அந்தக் குரல் சொன்னது நடந்துவிடும் என்று வினோ இறங்கவில்லை. அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜீப் கிளம்பியது. போனில் அந்தக் குரல் இன்னும் இரைத்தபடி நடந்துகொண்டிருந்தது.