ஈரத் தாள்

அன்னவாசல் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே, இருவரும் சேர்ந்து கடை போட வாடகைக்குப் பேசியிருக்கும் ஒற்றை அறையில் பூங்கொடி பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். டீக்கடைதான் என்பது அவள் பிடிவாதம். ஜெராக்ஸ் கடைதான் என்று நிற்கும் பள்ளித்தோழி நுஸைபா, ஒரு வார வாடகைக்கு மெஷினையே கொண்டுவந்து இறக்கிவிட்டாள். வெளியே மழை. பாலின் ஆவி, பிரித்துவைத்த தாள்கட்டின் மேல் படிகிறது. நுஸைபா பட்டனை அழுத்தியதும் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்குகின்றன. சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

"ஆவி பட்டு பேப்பர் நமத்துப்போச்சு. ஒரே ரூம்ல ரெண்டும் ஆவாதுடி."

"அப்ப டீதான். மனுக் குடுக்க வர்றவுங்களுக்குத் தொண்டை காயாதா?"

"ஆதார் நகல் இல்லாம மனுவ வாங்க மாட்டாங்க. அதுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்குமுல்ல நடக்குறாங்க."

நுஸைபா பக்கவாட்டு மூடியைத் திறந்து, சுருண்ட தாள்களை இரு கைகளாலும் கிழியாமல் மெல்ல உருவுகிறாள். புதுக் கட்டைப் பிரித்து, தாள்களை விசிறிவிட்டுத் தட்டில் அடுக்குகிறாள். ஒரு பழைய நோட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து மறுபடி பட்டனை அழுத்துகிறாள். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சக் கீற்று நகர்ந்து முடிய, நகல் வெதுவெதுப்பாக வெளியே வருகிறது. அதில் இருப்பது பூங்கொடியின் கையெழுத்து. பிளஸ் டூவில் நுஸைபா மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, அவளுக்காக ஒரு மாதப் பாடத்தையும் எழுதிக்கொடுத்த நோட்டின் முதல் பக்கம்.

"இத இன்னுமா வச்சிருக்க?"

"நான் பாஸானதே இதாலதான். எழுதி எழுதி ஒன் வெரலு வீங்கிக் கெடந்துச்சே, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

பூங்கொடி அடுப்பை அணைக்கிறாள். இரண்டு டம்ளரில் டீ ஆற்றி, தாளில் ஆவி படாதபடி வாசற்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, தாள்கட்டின் உறையை இறுக மடிக்கிறாள்.

"எந்தப் பட்டன்டி அமுக்கணும்?"