விமலன், 29, பெம்பான் பையன்

அறுபத்தேழு வயது சாமிநாதனுக்கு ஃபோனில் இருந்த டேட்டிங் ஆப்பில் வயது இருபத்தொன்பது. மனைவி ஜெயா அடுப்படியில்தான் இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ‘யாரைத் தேடுகிறீர்கள்’ என்ற கேள்விக்குப் ‘பெண்கள்’ என்பதை அழுத்தினார்.

தப்பாக நினைக்க வேண்டாம். தேடியது மகன் விமலனுக்கு. கோலாலம்பூரில் இன்ஜினியர், தரகர் கொண்டுவந்த வரன்களை எல்லாம் படத்தைக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்ட மகாராஜா. இந்த வருஷமும் கல்யாணம் நடக்காவிட்டால் ஜெயா பேச்சை நிறுத்திவிடுவாள். அல்லது நிறுத்தவே மாட்டாள். எது பெரிய ஆபத்து என்று சாமிநாதனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதலில் அவர் எழுதிய பயோ: ‘கௌரவமான குடும்பம். சொந்த வீடு. குடிப்பழக்கம் இல்லை.’ ஒரு வாரம் ஈ, எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் மற்ற பையன்களின் பயோக்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். ஐந்நூறு எழுத்துக்குமேல் இடம் கிடையாது. முதல் இரண்டு வரிதான் படத்துக்குக் கீழே தெரியும். அதிலே சிரிக்காத பெண் மிச்சத்தைத் திறக்கவே மாட்டாள். பெருமையை நேராகச் சொன்னால் அலட்டல், தன்னையே கிண்டலடித்துச் சொன்னால் அழகு. கடைசி வரியில் பதில் போடத் தூண்டும் கொக்கி ஒன்று வேண்டும்.

புதிய பயோ பிறந்தது:

‘பெம்பான் பையன், KL traffic-ல வாழ்க்கை. Weekday-ல Excel-ஓட குடித்தனம், weekend-ல officially single. பாலம் கட்டத் தெரியும், வேட்டி கட்ட Google வேணும். அன்னதானத்துல second round கேக்க வெக்கப்பட மாட்டேன். நீங்க சொல்லுங்க: ரசம் குடிக்கிறதா, சோத்துல ஊத்துறதா?’

மலர் என்ற பெண்ணிடமிருந்து மறுநாளே பதில். ‘குடிக்கிறதுதான். ஊத்துறவங்க என் கண்ணு முன்னால வரக்கூடாது lah.’

அவள் பயோவும் சளைத்ததல்ல. ‘27, KL-ல HR. எல்லாருக்கும் leave approve பண்றேன், எனக்கு approve பண்ண ஆள் இல்ல. Maggi மட்டும் சமைப்பேன், ஆனா confident-ஆ. என் தாய்மாமன் மாதிரி தங்கமான மனுஷன் உலகத்துல கிடையாது.’

“என்ன மரியாதை. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு தாய்மாமனைப் பத்தி எழுதுது?” என்று சாமிநாதன் உருகினார். அவள் பெயருக்குக் கீழே ‘ஒரு கிலோமீட்டர் தூரத்தில்’ என்று ஆப் காட்டியது. தங்கள் சின்ன ஊர் பெம்பானில் லைன் எப்போதுமே இப்படித்தான் உளறும் என்று விட்டுவிட்டார்.

பகலெல்லாம் விமலன் வேடம். காலையில் மட்டும் டீக்கடையில் நெடுநாள் கூட்டாளி மருதமுத்துவோடு ஒரு தே தாரேக் டீ.

“ஃபோனைத் தடவி மருமக எடுக்கிறானுங்களாம். நாளைக்குத் தாலியையும் டெலிவரில அனுப்புவானுங்க,” என்றார் மருதமுத்து.

“காலம் கெட்டுப்போச்சு மருது,” என்று தலையாட்டிவிட்டு, மேசைக்கடியில் மலருக்கு ஒரு பூ அனுப்பினார் சாமிநாதன்.

மூன்றாவது வாரம் துணிந்துவிட்டார். படுக்கப்போகும் முன், ‘Good night செல்லம்’ என்று எழுதி, ஒரு சிவப்பு ஹார்ட்டும் சேர்த்து அனுப்பினார். மலரிடமிருந்து வெட்கப்படும் முகம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அது தினசரி பூஜையாகிவிட்டது.

சந்திக்கலாமா என்று கேட்டதும், கடலோரச் செர்காமில் சுட்ட மீன் கடை ஒன்றைச் சொன்னாள் மலர். இனிமேல் மகனிடம் மறைக்க முடியாது.

“என் பேர்லயா? என் படத்தைப் போட்டா?” விமலன் ஃபோனில் கொதித்தான். “உங்களுக்கு மண்டை கழண்டுபோச்சாப்பா?”

“திட்டுறதை அப்புறம் திட்டு. முதல்ல பயோவைப் படி.”

அப்பா அனுப்பியதை விமலன் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. “வேட்டி விஷயத்தை ஏம்பா வெளியில விட்டீங்க? சரி, ஒரே ஒரு தடவை. மீனுக்காக வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனைக் கடைக்குள் அனுப்பிவிட்டு, காருக்குள் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார் சாமிநாதன். படத்தில் பார்த்த அதே பெண் வந்தாள். விமலன் என்னவோ சொன்னான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயாவின் பேச்சிலிருந்து தப்பித்தோம் என்று அவர் பெருமூச்சு விட்டபோது, கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

மருதமுத்து.

“நீ எங்க இங்க?” என்றார் சாமிநாதன், மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு.

“என் தங்கச்சி ஜொகூர்ல இருக்காளே, அவ மவ மலர்க்கொடியை இறக்கிவிட வந்தேன். மாப்பிள்ளை பாக்குறது தாய்மாமன் பொறுப்பாச்சே. நம்ம விமலன் படத்தைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் பையன் எப்படின்னு பாப்போம்னு உன்கிட்ட மூச்சுவிடல.”

சாமிநாதன் கார்க் கண்ணாடியை முழுதாக இறக்கினார். “எப்படி?”

“தங்கமான பையன்தான். ஆனா கொஞ்சம் கண்டிச்சு வை சாமி,” என்று குரலைத் தாழ்த்தினார் மருதமுத்து. “தினம் ராத்திரி எனக்கு ‘குட் நைட் செல்லம்’னு ஹார்ட் அனுப்புறான்.”