வராத குறுஞ்செய்தி

சம்பள நாள் முடிந்து முப்பத்தெட்டு மணி நேரம் ஆகியும், மனைவியின் சம்பளம் வரவானதாகக் கணவனின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரவில்லை. ஆறு வருடங்களாக அவளுடைய வங்கி அட்டை அவன் பர்ஸில்தான் இருக்கிறது. பஸ் காசுக்குக்கூட, நர்ஸான அவள் அவனிடம் டிக்கெட்டைக் காட்ட வேண்டும்.

"உங்க ஆஸ்பத்திரி திவாலாயிடுச்சா?"

"கேட்டுப் பாருங்க" என்றாள், துணி மடித்தபடி.

அவன் சம்பளப் பிரிவை அழைத்தான்.

"அவங்க சம்பள விவரத்தை அவங்ககிட்டதான் சார் சொல்ல முடியும்."

"நான் அவ புருஷன்."

"சரிங்க சார். அவங்களையே பேசச் சொல்லுங்க."

போனை வைத்தவன் முன் அவள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"என்ன இது?"

"நம்ம ரெண்டு பேர் பேர்லயும் ஒரு கணக்கு. வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இதுலேர்ந்து. அவங்கவங்க சம்பளத்துக்கு ஏத்த மாதிரி போடுவோம். மிச்சம் அவங்கவங்களுக்கு. நான் கையெழுத்து போட்டுட்டேன்."

அவன் சிரித்தான். "முதல்ல உன் சம்பளம் வரட்டும் தாயே."

"முந்தாநாளே வந்துடுச்சுங்க. போன மாசம் என் பேர்ல, என் போன் நம்பர்ல புதுக் கணக்கு தொடங்கி, சம்பளப் பிரிவுல எழுதிக் கொடுத்துட்டேன்."